துக்க வீட்டில் பாட ஒரு நிலையாமைப் பாட்டு

நெகிரி செம்பிலானில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளி விட்டதும் மாலையில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பஜனைக் குழு நடத்துவேன். ஓர் ஆர்மோனியம், ஒரு டோலக், இரண்டு ஜோடி ஜால்ரா, பாட வரும் பத்துப் பன்னிரண்டு பேர். இவ்வளவுதான் எங்கள் குழு. தோட்டத்தில் யாராவது காலமானால் பதினாறாம் நாள் கருமக்கிரியை முடிந்து, மாலையில் வீட்டில் விளக்கேற்றிப் படையல் போடுவார்கள். அப்போது பாடுவதற்கு எங்களை அழைப்பது வழக்கம்.

அந்த வேளையில் பாடுவதற்கென்று நானே ஒரு நிலையாமைப் பாட்டு எழுதினேன். முதலில் எழுதியது தவறாகப் போயிற்று. அது ஏன் தவறாயிற்று, பிறகு எப்படித் திருத்தினேன் என்பதை முறையாக எழுதி வைத்தால், இனிப் பாட்டெழுத விரும்பும் இளைஞர்களுக்கும், துக்க வீடுகளுக்குச் சென்று பாடும் குழுக்களுக்கும் பயன்படும் என்று எண்ணி இக்கட்டுரையை எழுதலானேன்.

முதற்பாட்டு செய்த பிழை

1987-ஆம் ஆண்டு. பால்மரம் சீவும் ஒருவர் நாற்பது வயதுக்குள் மாரடைப்பால் காலமானார். மனைவியும் எட்டு வயதில் ஒரு பெண் குழந்தையும் இருந்தார்கள். அவருடைய பதினாறாம் நாளுக்காக நான்கு இரவுகள் கண்விழித்துப் பாட்டெழுதினேன். சித்தர் பாடல்களை நிறையப் படித்திருந்த காலம் அது. என் பாட்டு இப்படித் தொடங்கியது:

நாறிப்போகும் உடலுக்கு நகைநட்டு ஏனடா
நமன்வந்தால் உன்னோடு நடப்பவர் யாரடா

இதைத் தொடர்ந்து புழுவும் நெருப்பும் எமன் கயிறும் கண்ணிக்குக் கண்ணி வந்தன. எதுகை மோனை குறைவில்லாமல் அமைந்திருந்ததால் எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது. பாடத் தொடங்கினோம். முதல் இரண்டு கண்ணிகளுக்குக் கூட்டம் பின்பாட்டுப் பாடியது. மூன்றாவதில் குரல்கள் குறைந்தன. நான்காவதில் நாங்கள் மட்டுமே பாடிக்கொண்டிருந்தோம். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழந்தை தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அப்பாவைப் புழு தின்னுமாம்மா?" என்று கேட்டது. அந்தத் தாய் பதில் சொல்லவில்லை. குழந்தையின் இரண்டு காதுகளையும் கையால் மூடிக்கொண்டாள்.

பாட்டு முடிந்த பிறகு, திண்ணை ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என்னை அருகில் அழைத்தார். சப்பான்காரன் காலத்தில் அவருடைய கணவரைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள். போனவர் திரும்பவில்லை.

"வாத்தியாரே, ஒடம்பு நெருப்புல வேகும்னு பாடுறீங்க. எங்க வீட்டுக்காரருக்கு அந்த நெருப்புகூட கெடைச்சுதோ என்னவோ, எனக்குத் தெரியாதுய்யா. இதக் கேக்கவா நான் இவ்வளவு தூரம் நடந்து வந்தேன்?" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது எனக்கு இன்னும் கேட்கிறது. 1942 முதல் 1943 வரை கட்டப்பட்ட அந்தச் சயாம்–பர்மா பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்களில் ஏராளமானோர் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். அவர்களுக்காகப் பதினாறாம் நாள் எது என்றுகூடக் கணக்கிட முடியாத குடும்பங்கள் எங்கள் தோட்டங்களில் இருந்தன. அவர்கள் நடுவில் உட்கார்ந்து உடம்பு அழியும் என்று பாடம் நடத்தியிருக்கிறேன். அன்றிரவே அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டேன்.

மருந்து சரி, நோயாளி வேறு

அப்படியானால் நம் முன்னோர் பாடிய நிலையாமைப் பாடல்கள் எல்லாம் தவறா? இல்லை. அவை யாருக்காக, எந்த இடத்தில் சொல்லப்பட்டவை என்பதை நான் பார்க்கத் தவறினேன்.

திருக்குறளில் நிலையாமை 34-ஆம் அதிகாரம். அது துறவறவியலில் இருக்கிறது. அடுத்த அதிகாரமே துறவு. வீட்டை விட்டுப் புறப்படத் துணிபவனின் கால்கட்டை அவிழ்ப்பதற்காக வைக்கப்பட்ட அதிகாரம் அது. திருமந்திரத்தில் யாக்கை நிலையாமை, செல்வ நிலையாமை, இளமை நிலையாமை, உயிர் நிலையாமை என்பவை முதல் தந்திரத்தில் வருகின்றன. அதற்குப் பின் எட்டுத் தந்திரங்கள் இருக்கின்றன. அதாவது அது வாசற்படி. அங்கேயே நிற்கச் சொல்லவில்லை. சித்தர்களின் வசை பொன்னிலும் பொருளிலும் மயங்கித் திமிர்ந்து நிற்பவனுக்கு. ஓங்கி ஓர் அடி கொடுத்தால்தான் அவன் திரும்பிப் பார்ப்பான்.

துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவர் திமிர்ந்து நிற்பவரல்லர். வாழ்க்கை நிலையற்றது என்பதை நம்மைவிட நன்றாக, பதினாறு நாட்களுக்கு முன்பே தெரிந்துகொண்டவர். தெரிந்ததையே அவருக்கு மறுபடி உரக்கச் சொல்வது வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதாகும். திமிருக்குக் கொடுக்கும் மருந்தைத் துயரத்துக்குக் கொடுத்தேன். அதுதான் என் பிழை.

தோட்டத்து அன்பர்களுக்கு இதை வேறு விதமாகச் சொல்லலாம். பால்மரம் சீவும்போது உளி பட்டையை மெல்லியதாக எடுக்க வேண்டும். மேலோடு நின்றால் பால் வராது. ஆழமாகப் போய்க் கட்டையைத் தொட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். பிறகு அங்கே சீவுவது கடினம். நிலையாமைப் பாட்டுக்கும் அந்த அளவு உண்டு. கண்ணீர் வரலாம், காயம் படக் கூடாது.

மதுரைக்காஞ்சி காட்டிய வழி

வழி தேடிப் பழைய நூல்களைப் புரட்டியபோது மதுரைக்காஞ்சியில் நின்றேன். காஞ்சி என்பதே நிலையாமையைச் சொல்லும் திணை. மாங்குடி மருதனார் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அதைச் சொல்லப் பாடினார். பத்துப்பாட்டில் மிக நீண்டது இதுவே, 782 அடிகள். ஆனால் அந்த 782 அடிகளிலும் அவர் சாவைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கவில்லை. மதுரையின் அங்காடி, கொடிகள், பண்டம் விற்போர், அந்தி நேரத்து ஆரவாரம், நள்ளிரவின் அமைதி, விடியற்காலை என்று ஊரின் வாழ்வைத்தான் அடியடியாகப் பாடுகிறார். மாண்டுபோன மன்னர்களைப் பற்றிய பேச்சு அதற்குள் சிறு இடமே பெறுகிறது.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்று. நிலையாமையைச் சொல்லும் பாட்டில் பெரும்பகுதி வாழ்வாக இருக்க வேண்டும். போனவர் எப்படி அழிந்தார் என்பதைவிட, எப்படி இருந்தார் என்பதைப் பாட வேண்டும். நான்கு கண்ணி எழுதினால் ஒரு கண்ணியில் ஓர் அடி பிரிவைச் சொன்னால் போதும்.

புறநானூற்றின் 192-ஆம் பாட்டில் கணியன் பூங்குன்றனார் வாழ்வை ஆற்றுநீரின் வழியே செல்லும் புணைக்கு ஒப்பிடுகிறார். நினைத்துப் பாருங்கள். நீர் ஓடுகிறது, புணை மிதக்கிறது. பயமுறுத்த அங்கே ஒன்றுமில்லை. அதோடு அவர் நின்றுவிடவும் இல்லை. ஆகையால் பெரியோரை வியக்க வேண்டாம், சிறியோரை இகழ வேண்டாம் என்று, உயிரோடு இருப்பவர் ஒருவரை ஒருவர் நடத்த வேண்டிய முறையில் கொண்டு வந்து முடிக்கிறார். அச்சமூட்டும் பாட்டு கேட்பவரைச் சுடுகாட்டில் விட்டுவிட்டு வரும். ஆறுதல் தரும் பாட்டு அவரைத் திரும்பவும் வீட்டுக்கு அழைத்து வரும்.

'நீ' போய் 'நாம்' வந்தது

இரண்டாவது முறை எழுத உட்கார்ந்தபோது முதலில் மாற்றியது உவமையை அல்ல, ஒரு சிறு சொல்லை. என் பழைய பாட்டில் 'உன்னோடு' என்றும் 'ஏனடா' என்றும் இருந்தது. பாடுகிறவன் சாகாதவன் போலவும் கேட்கிறவன் மட்டும் சாகப்போகிறவன் போலவும் அது ஒலிக்கும். அதை எடுத்துவிட்டு 'நாம்' என்று வைத்தேன். பல்லவி இப்படி அமைந்தது:

வந்தவர் நாமெல்லாம் வழியிலே நிற்கிறோம்
வாழ்ந்தவர் தந்ததை வாங்கித்தான் நடக்கிறோம்

இதில் மரணம் என்ற சொல்லே இல்லை. 'வழியிலே' என்பதில் நிலையாமை இருக்கிறது. வழியில் யாரும் குடியிருப்பதில்லை. இரண்டாம் அடியில் போனவர் நமக்குக் கொடுத்தது இருக்கிறது. கூட்டத்தார் திரும்பத் திரும்பப் பாடப் போவது இந்த இரண்டு அடிகளைத்தான் என்பதால், பாட்டின் முழுப் பொருளும் இதற்குள்ளேயே அடங்கிவிட வேண்டும். கண்ணிகள் காதில் விழாமல் போனாலும் பல்லவி ஒருவருக்குப் போதுமானதாக இருக்க வேண்டும்.

பொய்யான ஆறுதல்

அடுத்து உவமை. கேட்பவர் கையால் தொட்டுப் பழகிய பொருளாக இருக்க வேண்டும் என்று கித்தா மரத்தை எடுத்துக்கொண்டேன். ஆண்டின் தொடக்கத்தில், தை மாசி வாக்கில், கித்தா மரங்கள் இலையுதிர்க்கும். தோட்டமே மொட்டையாக நிற்கும், பால் குறையும். சில வாரங்களில் செம்பு நிறத்தில் புதுத்துளிர் வரும். எங்களுக்கு இதைவிடத் தெரிந்த காட்சி வேறில்லை. இப்படி எழுதினேன்:

மாசியில் விழுந்திட்ட இலைகிளை ஏறுமே
மனத்துயர் எல்லாமே கனவென மாறுமே

எழுதியதைக் குழுவில் டோலக் வாசிக்கும் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அவர் முப்பது வருடம் மரம் சீவியவர். டோலக்கின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே சொன்னார்:

"வாத்தியாரே, விழுந்த எல எங்கய்யா ஏறும்? வர்றது புது எல. விழுந்தது அங்கனயே மக்கி எருவாப் போயிடும். நம்ம சனம் தெனம் அதுமேலதான் நடக்குது. பாட்டுல வேற மாதிரி சொன்னா நம்புமா?"

சரியாகவே கேட்டார். போனவர் திரும்பி வருவார் என்பது போலவும், துயரமெல்லாம் கனவு என்பது போலவும் எழுதியிருந்தேன். இரண்டும் பொய். பயமுறுத்தும் பாட்டு எவ்வளவு கெடுதலோ, பொய்யாக ஆறுதல் சொல்லும் பாட்டும் அவ்வளவு கெடுதல். கேட்பவர் மரியாதைக்குத் தலையாட்டுவார். கூடப் பாட மாட்டார். அவர் சொன்னதையே வைத்து மாற்றினேன்:

மாசியில் விழுந்திட்ட இலைகிளை ஏறாது
மண்ணுக்குத் தந்ததோ வீணாகிப் போகாது

முதல் அடி இழப்பை மறைக்காமல் சொல்கிறது. இரண்டாம் அடி அந்த இழப்பை அடுத்து உண்மையாகவே எது இருக்கிறதோ அதைச் சொல்கிறது. ஆறுதல் கண்ணிகளை எல்லாம் இந்த வரிசையில்தான் எழுதப் பழகினேன்: முதலில் உண்மை, பிறகு துணை. வரிசை மாறி, துணை முதலில் வந்து உண்மை பின்னால் வந்தால், கண்ணி முடியும்போது கேட்பவர் தனியாக நிற்பார்.

மாத்திரைக் கணக்கு

பாட்டு நல்ல பொருளோடு இருந்தாலும் கூட்டம் பாட முடியாவிட்டால் அது கச்சேரியாகிவிடும். ஆகவே கணக்கைச் சொல்கிறேன். ஒவ்வோர் அடியிலும் நான்கு சீர். ஒவ்வொரு சீருக்கும் ஆறு மாத்திரை இடம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, ஒற்றடுத்த குறிலுக்கும் பாட்டில் இரண்டு என்று எண்ணினேன். 'நாமெல்லாம்' என்பதில் நா, மெல், லாம் என்று ஆறும் நிரம்புகின்றன. 'வந்தவர்' என்பதில் வந், த, வர் என்று ஐந்துதான். ஈற்றைச் சற்று நீட்டினால் ஆறாகும். குறைந்தால் நீட்டி நிரப்பலாம். ஆறைத் தாண்டினால் மட்டும் நாக்கு தடுக்கும். ஆறு மாத்திரை மூன்று மூன்றாகப் பிரிவதால் தாலாட்டின் அசைவு தானாகவே வந்துவிடும். எழுதத் தெரியாத பாட்டிகளுக்கும் அந்த அசைவு உடம்பில் இருக்கிறது.

இந்தக் கணக்கு ஓசையை மட்டுமல்ல, பொருளையும் காப்பாற்றியதற்கு ஓர் எடுத்துக்காட்டு. சயாமுக்குப் போனவர்களுக்காக ஒரு கண்ணி எழுத வேண்டும் என்பது அந்தப் பாட்டி எனக்கிட்ட கடன். 'எங்கேதான் விழுந்தாரோ' என்று தொடங்கினேன். பாடிப் பார்த்தால் இரண்டாம் சீரில் டோலக் முந்திக்கொண்டது. எண்ணிப் பார்த்தேன்: வி, ழுந், தா, ரோ, ஏழு மாத்திரை. சொல்லைச் சுருக்க வேண்டும் என்று தேடியபோதுதான் 'விழுந்தாரோ' என்ற சொல் ஒரு பிணத்தைக் கண்முன் கொண்டு வந்து போடுகிறது என்பதும் உறைத்தது. 'போனாரோ' என்று மாற்றினேன். கணக்கும் சரியாயிற்று, சொல்லும் தணிந்தது:

எங்கேதான் போனாரோ இடமதை அறியோமே
ஏற்றிய விளக்குக்கு வழிசொல்ல வேண்டாமே

இடம் தெரியாது என்பது உண்மை. அதை மறைக்கவில்லை. ஆனால் நாம் ஏற்றும் விளக்கு போய்ச் சேர இடம் தெரிய வேண்டியதில்லை என்பது எங்கள் சனங்களின் நம்பிக்கை. அவர்கள் நம்பாத ஒன்றை நான் புதிதாகச் சொல்லவில்லை. அவர்களிடம் இருப்பதை எடுத்து அவர்களிடமே கொடுத்தேன்.

மெட்டைப் பற்றியும் ஒரு சொல். ஓர் அடி 24 மாத்திரை. அதை ஒரே மூச்சில் பாடி முடிக்க வேண்டும். வயதான ஒருவரைப் பாடச் சொல்லிப் பாருங்கள். மூன்றாம் சீரில் மூச்சு வாங்கினால் காலம் மெதுவாகிவிட்டது என்று பொருள். அழுது அழுது தொண்டை கட்டியிருப்பவர்கள் பாடப்போகும் பாட்டு இது. அடியின் முடிவில் மேல் ஸ்தாயிக்குப் போனால் குரல் உடையும். குரல் உடைந்தால் அழுகை பீறிட்டுப் பாட்டு நின்றுவிடும். ஆகவே அடி முடியும் இடத்தில் மெட்டு கீழே இறங்கட்டும். முகாரியின் சாயல் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனாலும் அதை விட்டேன். அழுகிறவரை இன்னும் அழச் சொல்ல ராகம் தேவையில்லை. எங்கள் தோட்டத்துப் பெண்கள் தொட்டிலாட்டும்போது பாடும் மெட்டொன்றையே வைத்துக்கொண்டேன்.

எந்தக் கண்ணி எந்த வீட்டுக்கு

வாழ்வைச் சொல்லும் கண்ணியும், வீட்டுக்குத் திரும்ப அழைத்து வரும் கடைசிக் கண்ணியும் இவை:

விடியுமுன் விளக்கோடு போனவள் அம்மாதான்
விரலிலே கறையோடு வளர்த்ததும் நம்மைத்தான்

அழுதிடும் கண்ணுக்கும் நேரத்தைத் தருவோமே
அடுப்பிலே உலைவைத்து ஒன்றாக உண்போமே

விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு இருட்டில் மரம் சீவப் போன தாயை அறியாதவர் எங்கள் தோட்டத்தில் இல்லை. கடைசிக் கண்ணியில் அழ வேண்டாம் என்று சொல்லவில்லை. அழுகைக்கும் நேரம் உண்டு என்று சொல்லியிருக்கிறது. துக்க வீட்டில் அடுப்பெரியாது, அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டு வருவார்கள் என்பதால், உலை வைப்பது என்றாலே வீடு மீண்டு வருகிறது என்பது எல்லோருக்கும் விளங்கும்.

ஆனால் எல்லாக் கண்ணிகளையும் எல்லா வீட்டிலும் பாட முடியாது என்பதை நாளடைவில் கற்றேன். இலைக்கண்ணி முதிர்ந்து போனவர்களுக்கே பொருந்தும். பள்ளிக்குப் போகும் பிள்ளை இறந்த வீட்டில் அதைப் பாடினால், துளிரையா உதிர்ந்த இலை என்கிறாய் என்று பெற்றவள் வயிறு எரியும். அங்கே அதை விட்டுவிட்டு விளக்குக் கண்ணியையும் பல்லவியையும் மட்டும் பாடுவோம். தாயை இழந்த வீட்டில் அம்மா கண்ணி. தகப்பனை இழந்த வீட்டில், அவர் வளர்த்த விதத்தை முன்னதாகவே கேட்டறிந்து, அதற்கேற்ற சொல்லைப் போட்டுக்கொள்வோம். குடித்துக் குடும்பத்தை அடித்தவர் என்றால் வளர்த்தார் என்று பாட மாட்டோம். அந்த வீட்டார் வாய்திறந்து பாட முடியாத சொல்லை நாம் பாடக் கூடாது. இறந்த அன்றைக்கு இந்தப் பாட்டு வேண்டவே வேண்டாம். அன்று ஒப்பாரியும் திருமுறையும் செய்கிற வேலையை வேறு எதுவும் செய்ய முடியாது. உலை வைப்போம் என்று பாடுவதற்குப் பதினாறு நாட்கள் கழிய வேண்டும்.

பாட்டு சரியாக விழுந்ததா என்று எப்படி அறிவது? கைதட்டலோ பாராட்டோ அங்கே இருக்காது. கண்ணீர் வரும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கண்ணீர் வடியும்போதே வாய் பல்லவியைப் பாடிக்கொண்டிருந்தால் பாட்டு சரி. கண்ணீர் வந்து வாய் நின்றுபோனால் எங்கோ உளி ஆழமாகப் போயிருக்கிறது. எந்த அடியில் நின்றது என்று குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து அந்த அடியைத் திருத்த வேண்டும். குழந்தைகளைக் கவனித்தால் இன்னும் எளிது. பாட்டு நடக்கும்போது அவை தாயை இறுகப் பிடித்துக்கொண்டால் தவறு. ஜால்ராவைக் கேட்டுக் கை நீட்டினால் சரி.

பாட்டியும் பாட்டும்

திருத்திய பாட்டை அடுத்த ஆண்டு வேறொரு வீட்டின் பதினாறாம் நாளில் முதன்முதலாகப் பாடினோம். அந்தப் பாட்டியும் வந்திருந்தார். விளக்குக் கண்ணி வந்தபோது அவர் பாடவில்லை; கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளூர நடுக்கம். பாட்டு முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, "வாத்தியாரே, அந்த வெளக்குப் பாட்ட இன்னொருவாட்டி சொல்லுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது, மனசுல வச்சிக்கிறேன்" என்றார். நான் சொல்லச் சொல்ல, இரண்டு முறையில் அவருக்கு வந்துவிட்டது. மூன்றாம் முறை 'இடமதை' என்ற சொல்லை விட்டுவிட்டு, 'சயாமிலே அறியோமே' என்று அவராகவே பாடினார். ச, யா, மி, லே: ஆறு மாத்திரை. கணக்குத் தெரியாதவர் கணக்குத் தவறாமல் பாடினார். அதன்பின் நாங்களும் அவர் இருக்கும் சபையில் அப்படியே பாடினோம்.

அந்தப் பாட்டி இப்போது இல்லை. எங்கள் தோட்டமும் இல்லை. மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள், பிறகு வீடமைப்புக்கு நிலம் போயிற்று. சனங்கள் சிரம்பானைச் சுற்றியுள்ள தாமான்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். இன்றைய பிள்ளைகளில் பலர் கித்தா மரத்தில் பால் வடிவதைப் பார்த்ததில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாமான் வீட்டில் பாடப் போனபோது, இறந்த அம்மையார் தொழிற்சாலையில் வேலை செய்தவர் என்றார்கள். எங்கள் குழுவின் இளம்பெண் ஒருத்தி என் அனுமதி கேட்டுக்கொண்டு கண்ணியை மாற்றினாள்: 'விடியுமுன் பஸ்ஸேறிப் போனவள் அம்மாதான், விரலிலே வடுவோடு வளர்த்ததும் நம்மைத்தான்.' அந்த வீட்டின் மூத்த மகன் அதுவரை சுவரில் சாய்ந்து பேசாமல் இருந்தவர், அந்த அடியில் வாய்விட்டு அழுதபடி பல்லவியைப் பிடித்துக்கொண்டார்.

நிலையாமையைப் பாடும் பாட்டும் நிலையாக இருக்க வேண்டியதில்லை. பாட விரும்பும் அன்பர்கள் இதை எடுத்துக்கொண்டு, தங்கள் வீட்டுக்கும் தங்கள் பெரியவர்களுக்கும் ஏற்பச் சொல்லை மாற்றிக்கொள்ளலாம். ஆறு மாத்திரை மட்டும் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உண்மையை முதல் அடியிலும் துணையை இரண்டாம் அடியிலும் வையுங்கள். பாடும்போது குழந்தைகள் பக்கம் ஒரு கண் இருக்கட்டும்.